மற்றவை வருகினம்

அறிமுகத்தின் முதல் வரியே ‘தேன்குரல் நாயகி’ என்று தொடங்கியது. லவீனா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தன்னுடைய குரலில் அதைச் சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. அவளுடைய குரல் துருப்பிடித்த கேற்றைத் திறக்கிற மாதிரி ஒரு கரகரத்த குரல். அதைத் தேன் என்று எழுதினால் தேனுக்கும் மரியாதையில்லை, குரலுக்கும் மரியாதையில்லை.

“உதை ஆர் அண்ணை நம்புவினம்?” என்று கேட்டாள்.

ஜெயதீபன் தலையைச் சொறிந்தார். கொக்குவிலில் தன் வீட்டு வளவுக்குள் இருந்த பழைய கார்க் கொட்டிலைச் சுவர் வைத்து அடைத்து, இணைய வானொலி ஒன்று நடத்துகிறவர் அவர். நல்ல மனிதர். தொழில் தெரிந்தவர். ஆனால் அறிவிப்பாளர் அறிமுகம் என்று வந்துவிட்டால் நம்மவர்களில் நல்லவர்களுக்கும் புத்தி மாறிவிடுகிறது. ஊரிலுள்ள அறிவிப்பாளர் எல்லோரும் பன்முக ஆளுமைகள், எல்லோரும் தேன்குரல்கள், எல்லோரும் இலட்சக்கணக்கான நெஞ்சங்களை ஆள்பவர்கள். அறிமுகத்தைப் படித்துவிட்டு ஆளைக் கேட்டால் யாரோ தெருவில் போகிறவர் கதைக்கிற மாதிரி இருக்கும்.

அறிமுகம் கேட்டது கனடாவில் இருந்த ஒரு தமிழ் வானொலி. லவீனாவின் காலை நிகழ்ச்சியைத் தாங்களும் நேரடியாக எடுத்து ஒலிபரப்பப் போகிறார்கள். இங்கே காலை ஆறரை என்றால் அங்கே முதல்நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். அதுவும் அவர்களுக்கு வாய்ப்பாகத்தான் இருந்தது. அங்கிருந்த அறிவிப்பாளர் லெனாட், பாசையூரில் பிறந்து சின்ன வயதிலேயே போனவர், ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மூன்று அளவில் வேண்டும் என்று. இணையத்தளத்துக்கு நீளமாக ஒன்று, செயலியில் படத்துக்குக் கீழே போட ஒற்றை வரியில் ஒன்று, முதல்நாள் தான் வாயால் வாசித்து அறிமுகப்படுத்த நடுத்தரமாக ஒன்று. மூன்றிலும் மூன்று விஷயம் இருக்கவேண்டும்: குரல் எப்படி, கதைப்பது என்ன, கேட்பது யார்.

“சரி, வாரும். பேசிப் பதிவு பண்ணுவம். நீர் கதைக்கிறதிலையிருந்துதான் எழுதலாம்,” என்றார் ஜெயதீபன்.

இடையில் கொழும்பு ரயில் போனது. ரயில் போனால் கொட்டிலில் பதிவு நடக்காது; இருவரும் வாயை மூடிக்கொண்டு அது போய் முடியும்வரை இருந்தார்கள்.

“குரல் ஏன் இப்பிடி?” என்று பிறகு கேட்டார்.

“முந்தி இப்பிடி இல்லை. கரையிலை நிண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு அடைச்சது. பிறகு திறக்கேல்லை.”

ஜெயதீபன் அதற்கு மேல் அதைக் கிண்டவில்லை. எதைப் பற்றிக் கதைக்கிறீர் என்றார். அது அவருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் அவள் வாயால் வரட்டும் என்று கேட்டார். அவள் சொன்னாள். காற்று எந்தப் பக்கம், கடல் எப்படி, நண்டும் இறாலும் என்ன விலை. அதன்பிறகு அவளுடைய நிகழ்ச்சியின் உயிரான இடம்: இரவு போன வள்ளங்களில் எது எது கரைக்கு வந்தது. குருநகர் இறங்குதுறையில் நிற்கும் மீனவர் சங்கத்துச் செபமாலை என்கிறவர் குரல்பதிவில் சொல்லிவிடுவார். அவள் அதை அப்படியே வாசிக்கமாட்டாள். வள்ளக்காரருடைய வீட்டுக்கோ துறையில் நிற்கும் இன்னொருவருக்கோ போன் அடித்து, இரண்டாவது வாயால் கேட்டபிறகுதான் வாசிப்பாள். மரண அறிவித்தல் என்றாலும் அதே முறை. யார் சொன்னது, யார் உறுதிப்படுத்தினது என்று கேட்காமல் ஒரு பேரும் அவள் மைக்கில் ஏறியதில்லை. ஒருமுறை யாரோ விளையாட்டுக்கு ஒரு ஆளைச் சாகடித்து அனுப்பியிருந்தார்கள். அடித்துக் கேட்டபோது செத்தவரே போனை எடுத்தார்.

வந்த வள்ளங்களைச் சொல்லி முடித்ததும் ஒரே வசனம்தான். மற்றவை வருகினம். வராத வள்ளத்தைக் காணவில்லை என்று சொல்வதில்லை, பிந்துகிறது என்று சொல்வதில்லை. மற்றவர்கள் வருகிறார்கள், அவ்வளவுதான். அந்த வசனத்தோடு நிகழ்ச்சி முடியும். கரையில் நிற்கும் பெண்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் கூடையைத் தூக்குவார்கள். எல்லா வள்ளமும் வந்துவிட்ட நாளிலும் அவள் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. பழக்கதோஷம் என்று ஜெயதீபன் நினைத்திருந்தார்.

“இனி முக்கியமானது. ஆருக்குக் கதைக்கிறீர்?”

“மாமிக்கு.”

அவர் சிரித்தார். “ஒரு ஆளை எப்பிடி நேயர் எண்டு போடுறது?”

“மாமிக்குச் சொல்லுறன் எண்டு நினைச்சுத்தான் சொல்லுறனான். அவவுக்கு விளங்கினால் எல்லாருக்கும் விளங்கும். எல்லாருக்கும் எண்டு நினைச்சுக் கதைச்சால் ஒருத்தருக்கும் விளங்காது.”

ஜெயதீபனின் கண் விரிந்தது. தொழில் தெரிந்தவர் அல்லவா, இதுதான் அறிமுகத்தின் முதுகெலும்பு என்று உடனே பிடித்துக்கொண்டார். பிறகு பதிவை நிறுத்தப் போகிற நேரத்தில், மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று.

“அவர் கடலுக்குப் போட்டார்,” என்றாள் லவீனா.

இந்த இடத்தில்தான் எல்லாம் பிசகியது. கொக்குவிலில் ஒரு மனிசரைப் பற்றி அந்தத் தொனியில் ‘போட்டார்’, போய்விட்டார், என்றால் ஆள் செத்துவிட்டார் என்று அர்த்தம். கேட்டவர் தலையைக் குனிந்துகொள்வார், அதற்கு மேல் விசாரிப்பது அழகில்லை. குருநகரில் ஒவ்வொரு பின்னேரமும் ஒவ்வொரு வீட்டிலும் அதே சொல்லைச் சொல்லுவார்கள். அவர் எங்கே என்று கேட்டால், கடலுக்குப் போட்டார். காலையில் வந்துவிடுவார் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. லவீனாவின் புருஷன் எமில்ராஜ், கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று தனியாக நண்டுவலை பார்க்கப் போனது நாலைந்து வருஷத்துக்கு முன்பு. வள்ளமும் வரவில்லை, எஞ்சினும் வரவில்லை, ஒரு பலகை கூட எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி, அந்த வீட்டில் அவன் கடலுக்குப் போட்டான். வேறு சொல் அந்த வீட்டில் நுழைந்ததில்லை.

ஜெயதீபன் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் கொண்டுவந்த எழுத்து நன்றாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். நடுத்தர அளவில் இருந்ததை அவரே வாசித்துக் காட்டினார்:

‘குருநகர் இறங்குதுறையில் வலை உதறும் சத்தத்துக்கு மேலாகத் தினமும் காலையில் ஒரு குரல் கேட்கும். இனிமையான குரல் அல்ல. கரகரத்த, அவசரப்படாத குரல். காற்றும் கடலும், மீன் விலையும், வந்த வள்ளங்களின் பெயர்களும்தான் அது சொல்லும் கதை. உறுதிப்படுத்தாத ஒரு சொல்லை அந்தக் குரல் இதுவரை சொன்னதில்லை. கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்த லவீனா, வீட்டில் வானொலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தாய்க்குச் சொல்வதுபோலவே உலகத்துக்குச் சொல்கிறார். கரையில் நிற்பவர்களுக்கும், கரையை விட்டுத் தூரம் போய்விட்டவர்களுக்கும் அவர் தரும் உறுதி ஒன்றுதான்: மற்றவை வருகினம்.’

லவீனா தாளை வாங்கினாள். பேனையை எடுத்து ‘கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்த’ என்ற மூன்று சொல்லையும் கோடு போட்டு வெட்டினாள்.

“உது வேண்டாம் அண்ணை.”

“ஏன்? அதுதானே கேக்கிற சனத்தைப் பிடிச்சு இருத்துறது.”

“வேண்டாம் எண்டால் விடுங்கோவன்.”

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் வேண்டாம் என்று இன்னும் இரண்டு வசனம் சொல்லியிருக்கலாம். வீட்டில் மாமி மக்டலீன் இருக்கிறா, மகன் எங்கோ ஒரு அந்நியக் கரையில் சிறையில் இருக்கிறான் என்று இன்றுவரை நம்புகிறா, கார்த்திகை மாதம் கோயிலில் ஆத்துமாக்களுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கும்போது செத்துப்போன புருஷன் யாகோப்புவின் பேரைக் கொடுப்பா, மகனின் பேரைக் கொடுக்கமாட்டா. தினமும் ‘மற்றவை வருகினம்’ என்று கேட்டபிறகுதான் அவவின் தொண்டைக்குள் தேத்தண்ணி இறங்கும். எல்லா வள்ளமும் வந்த நாளிலும் அந்த வசனம் யாருக்கு என்று மாமிக்குத் தெரியும், லவீனாவுக்குத் தெரியும், மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. இதையெல்லாம் அன்றைக்கு அவள் சொல்லவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை. கூச்சம் போலிருக்கிறது, தன் துக்கத்தை விற்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஜெயதீபன் எடுத்துக்கொண்டார். நீளமானதிலும் ஒற்றை வரியிலும் தேடிப் பார்த்தார், அங்கே அந்தச் சொற்கள் இல்லை. நடுத்தரமானதில் வெட்டித் திருத்தி, மூன்றையும் சேர்த்து மின்னஞ்சலில் கனடாவுக்கு அனுப்பினார்.

ஆனால் அதற்கு முதல்நாளே, வாசிக்கிற வாய்க்கு எப்படி வருகிறது என்று பாருங்கோ என்று நடுத்தரமானதை மட்டும் லெனாட்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். அதைச் சுத்தமாக மறந்துபோனார். லெனாட்டோ ஒழுங்கான மனிதர். வந்த உடனேயே அச்செடுத்து, எங்கே மூச்சு விடுவது, எங்கே அழுத்துவது என்று கோடுகள் போட்டு, கண்ணாடிக்கு முன் நின்று நாலு முறை சொல்லிப் பழகிவிட்டார். பிந்தி வந்த மின்னஞ்சலில் இருந்தது இணையத்தளத்துக்கு என்று நினைத்து அந்த வேலை செய்கிறவர்களுக்குத் தள்ளிவிட்டார்.

முதல் ஒலிபரப்பு வெள்ளிக்கிழமை. லவீனா விடியமுன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். செபமாலை சொன்ன வள்ளங்களை உறுதிப்படுத்தி முடித்துக் காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இருந்தாள். லெனாட்டின் குரல் வந்தது. அதுதான் உண்மையில் தேன்குரல். நிறுத்தி நிறுத்தி, அழகாக. அவர் வாசிப்பது இங்கேயும் அதே நேரத்தில் ஒலிபரப்பாகிறது. வலை உதறும் சத்தம், கரகரத்த குரல், உறுதிப்படுத்தாத ஒரு சொல்லை அந்தக் குரல் இதுவரை சொன்னதில்லை.

பிறகு, ஒரு மூச்சு விட்டு, “கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்த லவீனா” என்றார்.

பதிவறைக் கண்ணாடிக்கு அப்பால் ஜெயதீபன் எழுந்து நின்றுவிட்டார். லெனாட் வாசித்துக்கொண்டே போய், ஒரு தாய்க்குச் சொல்வதுபோலவே என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி, கடைசி வசனத்தை ஊர்த் தமிழிலேயே உருக்கமாகச் சொல்லி, வணக்கம் லவீனா என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது.

என்ன செய்ய முடியும்? திருத்தம் சொல்லலாம். ஆனால் திருத்தம் என்றால் பிழைக்குப் பதிலாக ஒரு சரி வேண்டும். அவர் செத்தது பிழை என்றால் இருக்கிறார் என்று சொல்லவேண்டும். அதை அவளுக்கு யார் உறுதிப்படுத்தினது? வணக்கம் அண்ணை என்றாள். காற்றைச் சொன்னாள், கடலைச் சொன்னாள், நண்டு விலை சொன்னாள், வந்த வள்ளங்களைச் சொன்னாள். மற்றவை வருகினம் என்றபோது குரல் எங்கோ இடறியது. கனடாவில் அதைக் கேட்டுப் பலர் கண்கலங்கினதாகப் பிறகு செய்தி வந்தது.

வெளியே வந்தபோது ஜெயதீபன் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றார். போனில் லெனாட்டிடம் விஷயத்தைக் கேட்டு முடித்திருந்தார்.

“தங்கச்சி, பிழை என்ரை. நான் முந்தி அனுப்பினதைத்தான் வாசிச்சிருக்கிறார்.”

“மாமி கேட்டிருப்பா,” என்றாள் லவீனா. “அவவுக்கு அவர் செத்தவர் எண்டு தெரியாது. எனக்கும் தெரியாது.”

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ‘போட்டார்’ என்று நீர் சொன்னீரே என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

குருநகரில் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மக்டலீன் கதிரையில் இருந்தா. போன் மடியில். தேத்தண்ணி ஆறி, மேலே ஏடு படிந்திருந்தது. அழுத முகமாக இருக்கவில்லை. அழுதிருந்தால் லவீனாவுக்கு வழி தெரிந்திருக்கும்.

“எப்ப உனக்குச் சொன்னவை?” என்று மாமி கேட்டா.

“ஒருத்தரும் சொல்லேல்லை மாமி. அது பிழையா எழுதினது.”

“எந்தக் கரையிலை?”

“மாமி, எனக்கு ஒண்டும் தெரியாது. கொக்குவில் அண்ணை பிழையா விளங்கி எழுதிப்போட்டார். நான் வெட்டின வசனம் அது.”

மக்டலீன் தலையை மெல்ல ஆட்டினா. நம்பாத ஆட்டல் அது. “உறுதிப்படுத்தாத ஒரு சொல்லும் நீ சொல்லமாட்டாய் எண்டு அந்தத் தம்பி முதல்லையே சொல்லிப்போட்டுத்தானே மற்றதைச் சொன்னவர். எனக்குத்தான் சொல்லுறாய் எண்டும் சொன்னவர். தாய்க்கு எண்டு.”

“அது என்ரை நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னது மாமி.”

“ஓம். உன்ரை வாயாலை சொல்ல ஏலாமல் இருந்திருக்கும். நீயும் பாவம்தானே. அதுதான் கனடாக்காரரைக் கொண்டு சொல்லுவிச்சனி.” மாமியின் கை லவீனாவின் கையைத் தேடி வந்து பிடித்தது. “எனக்குக் கோவமில்லைப் பிள்ளை. எவ்வளவு காலம் மனசுக்குள்ளை வைச்சிருந்தனியோ. எங்கை அடக்கினவை எண்டு மட்டும் சொல்லு. ஒருக்காப் போய் மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வருவம்.”

அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள். வெளியே போ என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பாள். மாமியின் இரக்கம்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. தன்னை நோகடிக்காமல் மறைத்தாள் என்று, அவள் செய்யாத ஒரு கருணைக்காக மாமி அவளைத் தேற்றிக்கொண்டிருந்தா.

பின்னேரம் ஜெயதீபன் வந்தார். அந்த வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல்தரம். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, அம்மா, அது என்ரை பிழை என்று தொடங்கி, தான் கேட்ட கேள்வி, அவள் சொன்ன சொல், தான் விளங்கிக்கொண்ட விதம், வாட்ஸப், மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். ஒளிக்கவில்லை. மக்டலீன் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தா. தேத்தண்ணி கொடுத்தா.

“தம்பி நல்ல பிள்ளை,” என்று அவர் போனபிறகு சொன்னா. “நீ சொல்லச் சொல்லித்தானே வந்தவர்?”

லவீனா மறுத்துச் சொல்லிப் பார்த்தாள். தன்னிடம் இருந்த ஒரே ஆயுதம் உண்மை. இத்தனை வருஷமாக அவள் மைக்கில் சேர்த்துவைத்த நம்பிக்கை எல்லாம் இப்போது அந்த உண்மைக்கு எதிராகவே நின்றது. தெரியாது என்று அவள் எத்தனை முறை சொன்னாலும், தெரிந்துகொண்டு மறைக்கிறவள் சொல்வது போலவே கேட்டது. சனிக்கிழமை முழுதும் மாமி அவளைக் கேட்டா. மன்னாரோ? இந்தியாக் கரையோ? முகம் இருந்ததோ? கழுத்திலை போட்டிருந்த மாதா சுரூபத்தைக் கண்டவையோ? ஒவ்வொரு கேள்விக்கும் லவீனா தெரியாது என்றாள். ஒரு கட்டத்தில் மாமி, “சரி, கேக்கேல்லை. முகம் கெட்டிருக்கும். அதுதான் சொல்லுறாயில்லை,” என்று தானே முடித்துக்கொண்டா.

ஞாயிறு பூசைக்கு மக்டலீன் நேரத்தோடு போனா. பூசை முடிந்தும் உடனே வரவில்லை. லவீனா கேற்றடியில் நின்றாள். சாமியாரின் வீட்டுப் பக்கமிருந்து மாமி வந்தபோது அவவின் நடையில் ஒரு மாற்றம் இருந்தது. இத்தனை வருஷமாகத் தெருவில் யார் கூப்பிட்டாலும் சட்டென்று திரும்பிப் பார்க்கிற மனிசி, அன்றைக்குத் தன் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டும் திரும்பவில்லை.

திங்கட்கிழமை காலை நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் முன்னர் நிகழ்ச்சியின் போனுக்குக் குரல்பதிவுகள் வரிசையாக வந்து விழுந்தன. செபமாலையின் வள்ளங்கள். யாரோ ஒருவர் வீட்டு முதலாம் ஆண்டு நினைவு. அதற்குக் கீழே, சொந்தப் போனில் ‘மாமி’ என்று வைத்திருக்கிற இலக்கம். வீட்டில் கதிரையில் இருந்துகொண்டு, மற்ற நேயர்கள் மாதிரியே, முறைப்படி.

“வணக்கம். குருநகர் மக்டலீன் யாகோப்பு கதைக்கிறன். என்ரை மகன் எமில்ராஜின்ரை ஆத்தும இளைப்பாற்றிக்காக வாற வியாழக்கிழமை பின்னேரம் எங்கடை கோயிலிலை பூசை ஒப்புக்குடுக்கிறம். உற்றார் உறவினர் எல்லாரும் வரவேணும். இதை உங்கடை நிகழ்ச்சியிலை அறிவிச்சு விடுங்கோ.”

லவீனா அதை மீண்டும் கேட்டாள். ஜெயதீபன் கண்ணாடிக்கு அப்பால் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். “இதை விடும் லவீனா. நான் ஒரு திருத்தம் வாசிக்கிறன். நிலையத்தின்ரை பேரிலை. ஆள் இறந்தது உறுதியில்லை எண்டு.”

“வாசிச்சால் மாமி திரும்ப முதல்லையிருந்து காத்திருக்கத் தொடங்கவேணும்.”

“அப்ப என்ன செய்யப்போறீர்?”

எல்லா மரண அறிவித்தலுக்கும் செய்வதையே செய்தாள். போனை எடுத்து அந்த இலக்கத்துக்கு அடித்தாள். மறுமுனையில் உடனே எடுத்தார்கள்.

“மாமி, இந்த அறிவித்தலை ஆர் உறுதிப்படுத்தினது?”

“நீதான் பிள்ளை.”

“நான் உறுதிப்படுத்தேல்லை மாமி.”

பின்னால் குழாயில் தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. “என்னை இனியும் பாத்துக்கொண்டிருக்க வைக்காதை லவீனா. எனக்கு வயசு போட்டுது. ஏலாது,” என்றா. சண்டை பிடிக்கிற குரல் இல்லை அது. கெஞ்சுகிற குரல்.

விளக்கு எரிந்தது. லவீனா காற்றைச் சொன்னாள். கடலைச் சொன்னாள். விலைகளைச் சொன்னாள். முதலாம் ஆண்டு நினைவை வாசித்தாள். அதன்பிறகு, தன் புருஷனின் பேரை முதன்முதலாக அந்த மைக்கில் சொன்னாள். “குருநகரைச் சேர்ந்த எமில்ராஜின் ஆத்தும இளைப்பாற்றிக்காக வியாழக்கிழமை பூசை ஒப்புக்கொடுக்கப்படும் எண்டு அவரின்ரை தாயார் மக்டலீன் அறிவிக்கிறா.” தாயார் அறிவிக்கிறா. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் அவளால் ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. மனைவி பேர் அதில் இல்லை. கேட்ட ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் பட்டிருக்காது.

பிறகு வள்ளங்களின் பேர். அன்றைக்குக் கடல் நல்லபடியாக இருந்தது. செபமாலை கொடுத்த பேர் எல்லாம் வந்த பேர்கள். ஒன்று கூட மிச்சமில்லை. கடைசி வள்ளத்தைச் சொல்லிவிட்டு அவள் வாயைத் திறந்தாள். இத்தனை காலம் மாமிக்காகத்தான் அதைச் சொல்கிறேன் என்று அவள் நினைத்திருந்தாள். அந்தக் கிழவியின் தொண்டையில் தேத்தண்ணி இறங்கவேண்டும் என்பதற்காக. இன்றைக்கு மாமிக்கு அது வேண்டாம். வேண்டாம் என்று வந்தபிறகுதான், இதை யாருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. ஒலிபரப்பில் வெறும் மூச்சு மட்டும் போனது. கனடாவில் லெனாட் ஏதோ தொடுப்புப் பிசகு என்று நினைத்து, நன்றி லவீனா என்று சொல்லி நிகழ்ச்சியை வாங்கிக்கொண்டார்.

விளக்கு அணைந்தது. ஜெயதீபன் உள்ளே வர யோசித்து, கதவடியிலேயே நின்றார். அவர் எழுதின அறிமுகம் கொட்டில் சுவரில் ஒட்டியிருந்தது, வெட்டித் திருத்தினது.

போன் அதிர்ந்தது. செபமாலையின் குரல்பதிவு. பின்னால் பெண்கள் பல பேர் ஒரே நேரத்தில் கதைக்கிற சத்தம்.

“தங்கச்சி, நீர் இண்டைக்குக் கடைசி வசனம் சொல்லேல்லை. இஞ்சை கரையிலை பெண்டுகள் பயந்துபோய் நிக்குதுகள். எல்லா வள்ளமும் வந்திட்டுது எண்டு நான் சொல்லுறன், நம்பினமில்லை. ஆரும் வராமல் நிக்கினமோ எண்டு கேக்கினம். ஒருக்காச் சொல்லும்.”

அவள் பதில் அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தாள். ரயில் ஒன்று வந்து, கொட்டில் முழுக்க இரைந்து, போய் முடிந்தது.

“பயப்பிட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அண்ணை,” என்றாள் அந்தக் கரகரத்த குரலில். “இனி வர ஒருத்தரும் இல்லை.”